மகளின் நேர்முகத் தேர்வு குறித்து

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து நீ மீண்டும் காலையில் நடக்கத் தொடங்கியதில் மகிழ்ச்சி. உன் மகளின் நேர்முகத் தேர்வில் “வேலையில் நேர்ந்த ஒரு தவறைச் சொல்லுங்கள்” என்று கேட்டால், வரி கட்டத் தாமதமான சம்பவத்தை மறைத்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம், அதையே சொல்லட்டும். நான் தேர்வுக் குழுக்களில் அமர்ந்திருந்த காலத்தில், “அளவுக்கு மீறி உழைப்பதே என் குறை” என்று யாராவது தொடங்கினால், குறிப்பெடுப்பதை நிறுத்திவிடுவோம்.

நிறுவனம் ஜூன் மாதம் பிறருக்குத் தரும் பணத்தில் பிடித்த வரியான டிடிஎஸ் தொகையை அரசுக்கு ஜூலை 7-க்குள் கட்டியிருக்க வேண்டும். அவள் 8-ஆம் தேதி கட்டினாள். ஒரு நாள்தானே என்று நீ எழுதியிருக்கிறாய். ஆனால் வட்டி, வரி பிடித்த நாளிலிருந்து மாதத்துக்கு 1.5 சதவீதம் என்று கணக்கிடப்படுகிறது; மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமே. ஆகவே 4 லட்சம் ரூபாய்க்கு ஜூன், ஜூலை என இரண்டு மாத வட்டியாக 12,000 ரூபாய் போயிற்று. கணக்குத் தெரிந்தவர்கள் கேட்கும் இடத்தில் “சிறிய தாமதம்” என்று அவள் சொன்னால், விதியே தெரியாதவள் என்று எண்ணிவிடுவார்கள்.

வங்கித் தளத்தில் ஒப்புதல் தர வேண்டிய முதலாளி அன்று பயணத்தில் இருந்தார் என்பது உண்மைதான். அதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, “இருவர் ஒப்புதல் தேவை என்று தெரிந்தும் கடைசி நாள் வரை விட்டது நான்” என்று தன் பங்குக்கு வந்துவிட வேண்டும். எல்லாப் பழியையும் தன் தலையில் போட்டுக்கொள்வதும் தவறு. நடந்ததைச் சரியாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாதவள் என்றே அது காட்டும்.

பாடம் என்று சொல்வது செயலாக இருக்கட்டும். “இனிக் கவனமாக இருப்பேன்” என்பதை யாரும் சரிபார்க்க முடியாது. பணம் கட்டும் நாளை 4-ஆம் தேதிக்கு மாற்றியது, ஒப்புதலுக்கு இன்னொருவரை வங்கியில் பதிவுசெய்ய வைத்தது, அதன் பிறகு ஒரு மாதமும் தவறாதது ஆகிய மூன்றையும் அவள் செய்திருக்கிறாள். அவற்றைச் சொன்னால் போதும். நிறுவனத்தின் தொகையை அங்கே சொல்ல வேண்டியதில்லை, “இரண்டு மாத வட்டி” என்றாலே அவர்களுக்குப் புரியும்.

ஒன்று மட்டும் உன் கடிதத்தில் இல்லை. தாமதத்தை மேலாளரிடம் அவளே போய்ச் சொன்னாளா, அவர் கண்டுபிடித்துக் கேட்டாரா? குழுவில் ஒருவராவது இதைக் கேட்பார். மேலாளர் கேட்ட பிறகுதான் சொன்னாள் என்றால், அதையும் உள்ளபடியே சொல்லிவிட்டு, அடுத்த முறை என்ன செய்தாள் என்று தொடர வேண்டும். ஞாயிறு மாலை என்னைத் தொலைபேசியில் அழைக்கச் சொல். குழுவில் இருப்பவனைப் போல நானே கேட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்