உங்கள் சாட் பதிலை அறிக்கையாக மாற்றுங்கள்: ஓர் ஆம்னி பஸ் நிறுவனத்துக்குத் திறந்த மடல்

நிர்வாகத்தினருக்கும் வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கும் வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை இரவு கிளாம்பாக்கத்திலிருந்து நாகர்கோவில் கிளம்பிய உங்கள் பஸ் என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். அதில் வந்த ஒரு பெண் அதைப் பற்றி இணையத்தில் எழுதியதும், உங்கள் சாட்டில் அவருக்குக் கிடைத்த பதிலும், அதன் ஸ்கிரீன்ஷாட் ஊரெல்லாம் சுற்றுவதும் தெரியும். நானும் அதே பஸ்ஸில் வந்தவன். கேட்பது ஒன்றுதான்: அந்தப் பதிலைத் திரும்பப் பெற்று, நிறுவனத்தின் பெயரில் நிதானமான ஓர் அறிக்கை வெளியிடுங்கள்.

பஸ் பழுதானதற்காக அவர் கோபப்படவில்லை. வண்டி என்றால் பழுதாகத்தான் செய்யும். விக்கிரவாண்டி சுங்கச்சாவடி தாண்டி நள்ளிரவில் நின்ற பஸ்ஸுக்கு மாற்று வண்டி வர விடிகாலை நான்கு ஆனது. அதுவரை பெண்கள் ஒதுங்க இடமில்லை. ஒரு பக்கம் லாரிகள், மறுபக்கம் இருட்டு. ஒரு பாட்டி, தண்ணீர் குடித்தால் கீழே இறங்க வேண்டிவருமே என்று மாத்திரையே போடவில்லை. டிரைவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் அழைத்தபோதும் உங்கள் ஆபீஸில் யாரும் போனை எடுக்கவில்லை. மாற்று வண்டி எப்போது வரும் என்று ஏன் சொல்லவில்லை, கழிப்பறை உள்ள இடத்துக்கு ஏன் கூட்டிப்போகவில்லை என்ற இரண்டைத்தான் அந்தப் பெண் கேட்டிருந்தார்.

உங்கள் பதிலில் இரண்டுக்கும் விடை இல்லை. "மற்ற பயணிகள் யாரும் புகார் செய்யவில்லை" என்றீர்கள். நாங்கள் செய்திருக்கிறோம், மெயிலைத் திறந்து பாருங்கள். "இவர் ஏற்கெனவே டிக்கெட் ரத்து செய்து பணம் கேட்டவர்" என்றீர்கள். ஒருவருடைய பயண விவரத்தை எடுத்து அவர் மேலேயே வீசுவது அவருடைய புகாரைவிட உங்களுக்குத்தான் ஆபத்து. அடுத்து அவதூறு வழக்கு மிரட்டல். இந்த மூன்றும் அறிக்கையில் ஒரு சொல்கூட மிஞ்சக் கூடாது.

உங்கள் பதிலில் மிஞ்ச வேண்டியது ஒரே வரி: "என்ஜின் கோளாறு எங்கள் கையில் இல்லை." அதில் ஓர் உண்மை இருக்கிறது. சாக்கை உதறிவிட்டு அந்த உண்மையை மட்டும் வைத்தால் இப்படி எழுதலாம்:

"வெள்ளி இரவு எங்கள் நாகர்கோவில் பஸ் விக்கிரவாண்டி அருகே என்ஜின் கோளாறால் நின்றது. மாற்று வண்டி விடிகாலை நான்கு மணிக்குத்தான் வந்தது. அதுவரை பயணிகளுக்குத் தகவலும் கழிப்பறை வசதியும் தராதது எங்கள் தவறு. மன்னிப்புக் கேட்கிறோம். புகார் செய்த பயணியிடம் எங்கள் சாட்டில் பேசிய விதமும் தவறு. அதைத் திரும்பப் பெறுகிறோம். இரவில் யாரும் போனை எடுக்காதது ஏன் என்று விசாரிக்கிறோம். முடிவை இதே இடத்தில் தெரிவிப்போம்."

இதோடு, கட்டணம் எந்தத் தேதிக்குள் திரும்ப வரும் என்று ஒரு வரி. தேதி இல்லாமல் "விரைவில்" என்று போட்டால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். "யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்" என்று தொடங்கவும் வேண்டாம். புண்பட்டதா என்பதில் உங்களுக்கு இன்னும் சந்தேகம் என்றுதான் அதற்குப் பொருள். அந்தப் பெண் எழுதியதில் ஏதாவது தவறு இருந்தால், சரியான தகவலை ஒருமுறை சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

வெளியிட்ட பிறகு வாயை மூடிக்கொள்வதும் முக்கியம். 2021 அக்டோபரில், இந்தி தேசிய மொழி, எல்லோருக்கும் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்று ஜொமேட்டோவின் சாட்டில் ஒரு தமிழ் வாடிக்கையாளருக்குப் பதில் வந்தது. நிறுவனம் "வணக்கம் தமிழ்நாடு" என்று தொடங்கித் தமிழிலேயே மன்னிப்புக் கேட்டது. அந்த ஊழியரை நீக்கிவிட்டதாகவும் சொன்னது. நல்ல அறிக்கைதான். அன்றே அதன் நிறுவனர், நாட்டில் சகிப்புத்தன்மை இன்னும் கூட வேண்டும் என்று தன் கணக்கில் எழுதி, ஊழியரைத் திரும்பச் சேர்ப்பதாக அறிவித்தார். சேர்த்தது எனக்கு நியாயமாகவே பட்டது. ஆனால் மன்னிப்புக் கேட்ட கையோடு மக்களுக்குப் பாடம் எடுத்ததில், ஆறத் தொடங்கியது மறுபடி கொதித்தது. நீங்களும் சாட்டில் உட்கார்ந்திருக்கும் பையனைப் பலிகொடுக்காதீர்கள். அவர் கையில் அந்த வரிகளை யார் கொடுத்தது என்று பாருங்கள்.

தீபாவளிக்கு டிக்கெட் விலையை இரண்டு மடங்காக்க மட்டும் ஒரு நிமிடத்தில் முடிவெடுக்கிறீர்கள். நாலு வரி எழுத ஒரு வாரமா? சரி, அந்தக் கணக்கு இப்போது வேண்டாம்.

அறிக்கையை அந்தப் பெண்ணின் பதிவுக்குக் கீழேயே போடுங்கள். பழைய கமெண்டுகளை அழிக்காதீர்கள். வரும் வெள்ளிக்குள் அது வந்துவிட்டால், பஸ்ஸில் வந்த எங்கள் எல்லோருக்கும் அனுப்பிவைக்கும் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன். தயவுசெய்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
அந்தப் பஸ்ஸில் வந்த ஒரு பயணி