லாஃபர் வளையியின் உச்சி எங்கே?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு இதழில் வந்த வரி பற்றிய கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். வரியைக் குறைத்தால் அரசாங்கத்துக்கு வருமானம் கூடும், இது லாஃபர் வளையியால் நிரூபிக்கப்பட்ட விஷயம் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். கிளிநொச்சியில் இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் உயர்தர மாணவர்களுக்குப் பொருளியல் படிப்பித்த எனக்கு அதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

1974 இல் வாஷிங்டனில் ஓர் உணவகத்தில் ஆர்தர் லாஃபர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர், வரி வீதம் ஏற ஏற அரசாங்கத்தின் வருமானம் எப்படி மாறும் என்பதைக் காட்டும் இந்த வளையியைக் கைதுடைக்கும் துணியில் வரைந்து காட்டினார் என்ற கதையைக் கட்டுரையாளரும் சொல்லியிருந்தார். அந்தப் படத்தில் உறுதியானவை இரண்டு முனைகள்தான். வரி பூச்சியம் என்றால் வருமானமும் பூச்சியம். வரி நூறு சதவீதம் என்றால், உழைப்பதை எல்லாம் பறிகொடுக்க ஒருவரும் உழைக்கமாட்டார்கள், அல்லது உழைத்ததைக் காட்டமாட்டார்கள். ஆகவே நடுவில் எங்கோ ஓர் உச்சி இருக்க வேண்டும். இந்த இடம்வரை எந்தப் பொருளியலாளரும் மறுப்பதில்லை. அந்த உச்சி 30 இலா 50 இலா 80 இலா என்பதைப் படம் சொல்லவில்லை. சண்டை முழுவதும் அதைப் பற்றியதுதான்.

எங்கள் ஊர்ச் சந்தையை எடுத்துக்கொள்வோம். இலக்கங்கள் கணக்குக்காக நான் போட்டவை. ஒரு நாளைக்கு இடக்கட்டணம் 100 ரூபாய் என்றால் 80 பேர் கடை விரிக்கிறார்கள், பிரதேச சபைக்கு 8,000 ரூபாய். கட்டணத்தை 200 ஆக்கினால் 60 பேர், 12,000 ரூபாய். 300 ஆக்கினால் 38 பேர், 11,400 ரூபாய். 400 ஆக்கினால் 20 பேர், பழையபடி 8,000. உச்சி 200க்கும் 300க்கும் இடையில் இருக்கிறது. சரி, விட்டுப்போனவர்கள் எங்கே போனார்கள்? பாதிப்பேர் சந்தை வாசலுக்கு வெளியே றோட்டுக்கரையில் சாக்கு விரித்து அதே கத்தரிக்காயையும் பயற்றங்காயையும் விற்கிறார்கள். றோட்டோர விற்பனையைச் சபை தடுத்துவிட்டால் 300 ரூபாய்க்கும் 55 பேர் உள்ளே இருப்பார்கள். அப்போது வருமானம் 16,500, உச்சியும் மேலே நகர்ந்துவிடும். ஆட்களும் மரக்கறியும் மாறவில்லை, தப்பிக்கும் வழி ஒன்று அடைபட்டது, அவ்வளவுதான். ஜோயல் ஸ்லெம்ரொட், வொய்செக் கொப்சுக் என்ற இரு பொருளியலாளர்கள் 2002 இல் இதைத்தான் வாதிட்டார்கள். மக்கள் வரிக்கு எவ்வளவு அசைந்து கொடுக்கிறார்கள் என்பது மனித இயல்பு மட்டும் அல்ல, சட்டம் எத்தனை ஓட்டைகளை விட்டு வைத்திருக்கிறது என்பதையும் பொறுத்தது. அதனால் உச்சியின் ஒரு பகுதியை அரசாங்கமே தீர்மானிக்கிறது.

அந்த அசைவைத்தான் நாங்கள் நெகிழ்ச்சி என்கிறோம். உச்ச வருமானக்காரர்களின் வரிக்கு இன்று பொருளியலாளர்கள் பாவிக்கும் சூத்திரம் சின்னது:

t = 1 / (1 + a × e)

இதில் t என்பது அதிக வருமானம் தரும் வரி வீதம். e தான் நெகிழ்ச்சி: வரி போக ஒருவர் கையில் மிஞ்சும் பங்கு 1 சதவீதம் கூடினால், அவர் கணக்கில் காட்டும் வருமானம் எத்தனை சதவீதம் கூடுகிறது என்பது. a என்பது மேல்தட்டில் வருமானம் எவ்வளவு குவிந்து கிடக்கிறது என்பதன் அளவு. அமெரிக்காவுக்கு அது ஏறக்குறைய 1.5. பீட்டர் டயமண்டும் இமானுவேல் சாயசும் 2011 இல் e க்கு 0.25 போட்டார்கள். 1.5 ஐ 0.25 ஆல் பெருக்கினால் 0.375. ஒன்றை 1.375 ஆல் பிரித்தால் ஏறத்தாழ 73 சதவீதம். e க்கு 0.45 போடுங்கள், உச்சி 60க்கு இறங்கும். e ஒன்று என்றால் 40 தான். இவை எல்லா வரிகளையும் சேர்த்த வீதங்கள். சூத்திரம் ஒன்றுதான், ஓர் எண்ணை மாற்றியதும் 73 எங்கே, 40 எங்கே! ஆகவே உச்சி எங்கே என்று கேட்பது e எவ்வளவு என்று கேட்பதுதான்.

e ஐ அளப்பதில்தான் சிக்கல். அமெரிக்கா 1986 இல் சட்டத்தை மாற்றி உச்ச வரி வீதத்தை 50 இலிருந்து 28 க்குக் கொண்டுவந்தது. அதன்பின் பணக்காரர்கள் கணக்கில் காட்டிய வருமானம் பெரிதாக ஏறியது. மார்ட்டின் ஃபெல்ட்ஸ்டைன் அதை ஆராய்ந்து 1995 இல் e ஒன்று, அதற்கும் மேல் என்று கண்டார். அப்படியானால் லாஃபர் பக்கம் வெற்றி என்று பலர் சொன்னார்கள். ஆனால் பின்னால் வந்தவர்கள் கிளறிப் பார்த்தபோது வேறு விஷயங்கள் தெரிந்தன. தனிநபர் வரி கம்பனி வரியைவிடக் குறைந்ததால், முன்பு கம்பனிக் கணக்கில் காட்டிய இலாபத்தைப் பல முதலாளிகள் சொந்த வருமானமாகக் காட்டத் தொடங்கியிருந்தார்கள். நெல்லை ஒரு சாக்கிலிருந்து மற்றச் சாக்குக்கு மாற்றியது போலத்தான் அது. தனிநபர் வரிச் சாக்கு நிறைந்தது உண்மை, கம்பனி வரிச் சாக்கு வற்றியதை யார் கணக்கெடுத்தார்கள்? இதோடு, அந்தக் காலத்தில் மேல்தட்டு வருமானம் வேறு காரணங்களாலும் ஏறிக்கொண்டிருந்தது. சாயஸ், ஸ்லெம்ரொட், கியர்ட்ஸ் மூவரும் 2012 இல் ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்து, நம்பத்தக்க மதிப்பீடுகள் 0.12 க்கும் 0.40 க்கும் இடையில் இருப்பதாகச் சொன்னார்கள்.

இன்னொரு பொறி காலம். பிரித்தானியா 2010 ஏப்ரலில், ஒன்றரை லட்சம் பவுணுக்கு மேற்பட்ட வருமானத்துக்கு வரியை 40 இலிருந்து 50 ஆக்கியது. ஒரு வருடத்துக்கு முன்பே அறிவித்துவிட்டதால், பங்கிலாபத்தையும் போனசையும் எடுக்கக்கூடியவர்கள் வரி ஏறுமுன் எடுத்துவிட்டார்கள். அப்படி முன்னுக்கு இழுக்கப்பட்ட வருமானம் 16 முதல் 18 பில்லியன் பவுண் என்று அந்நாட்டு வரித் திணைக்களம் மதிப்பிட்டது. அடுத்த வருடம் காட்டிய வருமானம் சரிந்தது. அதைப் பார்த்து மக்கள் உழைப்பதை விட்டுவிட்டார்கள் என்று சொல்லலாமா? மழைக்கு முன் நெல்லை வெட்டிக் களத்துக்குக் கொண்டுவந்தவனின் வயலைப் பார்த்து, விளைச்சல் இல்லை என்று சொல்வது போல அது. திணைக்களம் இந்த இழுப்பைக் கழித்துப் பார்க்க முயன்று e ஐ 0.45 என்று எடுத்தது. 50 ஐ 45 ஆகக் குறைத்தால், மக்களின் நடத்தை மாறாவிட்டால் ஏறக்குறைய 3 பில்லியன் இழப்பு, மாறுவதைச் சேர்த்தால் 100 மில்லியன்தான் என்று 2012 இல் கணக்குக் காட்டியது. ஒரே ஒரு குழம்பிய வருடத்தை வைத்துக் கட்டிய கணக்கு அது. e ஐக் கொஞ்சம் குறைத்தாலே இழப்பு பெரிதாகும், கொஞ்சம் கூட்டினால் இலாபமாக மாறும்.

நீண்டகால அசைவை அளப்பது அதைவிடக் கடினம். இலங்கையில் 2023 ஜனவரியில் உச்ச வருமான வரி 36 சதவீதம் ஆனது. வன்னியின் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வைத்தியர்கள் வெளிநாடு போனார்கள். வரியால் போனார்களா? அதற்கு முந்திய வருடம்தான் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 அளவுக்குப் போயிருந்தது. மருந்தில்லை, எரிபொருள் இல்லை. இவற்றில் வரியின் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுக்க வழியில்லை. போகிறவர் திரும்பி வராவிட்டால் அவருடைய வரி ஒரு வருடத்துக்கு அல்ல, முப்பது வருடத்துக்கு இல்லாமல் போகும். இதைப் பெரிதாக எடுக்கிறவர்கள் உச்சியைக் கீழே வைக்கிறார்கள். மறுபக்கம் பிக்கெற்றி, சாயஸ், ஸ்டான்ட்சேவா மூவரும் 2014 இல் உச்சி 83 வரை போகலாம் என்றார்கள். பெரிய நிர்வாகிகளின் சம்பளத்தில் ஒரு பகுதி பேரம் பேசி மற்றவர்களின் பங்கிலிருந்து எடுத்தது, அது குறைந்தால் நாட்டின் மொத்த வருமானம் குறையாது என்பது அவர்களின் வாதம். இரு பக்கத்தாரும் நேர்மையாகத்தான் கணக்குப் போடுகிறார்கள். எதை அசைவு என்று எண்ணுகிறார்கள், எத்தனை வருடத்துக்கு எண்ணுகிறார்கள் என்பதில்தான் வேறுபடுகிறார்கள்.

இப்போது கட்டுரையாளர் கையில் எடுத்த வற் வரிக்கு வருகிறேன். 2019 டிசம்பரில் அதை 15 இலிருந்து 8 ஆகக் குறைத்தார்கள். வருமானம் குறையாமல் இருக்க வேண்டுமானால் வரிக்குட்பட்ட விற்பனை 15 ஐ 8 ஆல் பிரித்த அளவுக்கு, அதாவது 87.5 சதவீதம் ஏற வேண்டும். 115 ரூபாய் சாமான் 108 ஆகும், விலை குறைவது 6 சதவீதம். 6 சதவீத விலைக்குறைவுக்கு யார் சவர்க்காரத்தை இரண்டு மடங்காக வாங்குவார்கள்? பரந்தனில் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவரிடம் கேட்டேன். பல சாமான்களில் விலையே அசையவில்லை, விற்பனை எப்படி ஏறும் என்றார். இதற்கு மாறாக, அமெரிக்காவில் 1964-65 இல் உச்ச வருமான வரியை 91 இலிருந்து 70 க்குக் குறைத்தபோது, மேலதிகமாக உழைக்கும் நூறில் கையில் மிஞ்சுவது 9 இலிருந்து 30 ஆகியது, மூன்று மடங்குக்கு மேல். வளையியின் வலது ஓரத்திலும் இடது சரிவிலும் ஒரே வைத்தியம் ஒரே பலனைத் தராது.

இலங்கையின் வரி வருமானம் 2019 இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் ஏறக்குறைய 12 சதவீதமாக இருந்து 2020 இல் 8 அளவுக்கு விழுந்தது. இதை வைத்து லாஃபர் பொய் என்று சொல்லவும் நான் தயாரில்லை. கொரோனாவும் அதே வருடம்தான் வந்தது. அதோடு வற் பதிவுக்கான வருட விற்பனை எல்லையை 12 மில்லியனிலிருந்து 300 மில்லியன் ரூபாய்க்கு உயர்த்தினார்கள். அதனால் வீதம் மட்டும் அல்ல, வரி கட்டும் கடைகளின் எண்ணிக்கையும் சேர்ந்து சுருங்கியது. இப்படி இரண்டையும் ஒன்றாக மாற்றிய வருடத்திலிருந்து உச்சியை ஒருபோதும் படிக்க முடியாது.

ஒவ்வொரு வரிக்கும் உச்சி வேறு என்பதையும் கட்டுரையாளர் தொடவில்லை. சாராயத்துக்கு வரி ஏறும்போதெல்லாம் எங்கள் பக்கத்துக் காட்டோரக் கிராமங்களில் கசிப்பு கூடுகிறது, குடி குறைவதில்லை. மாற்றுப் பொருள் பக்கத்திலேயே கிடைப்பதால் அந்த வரியின் உச்சி கீழே இருக்கிறது. சாராயத்தைப் பற்றி அவர் எழுதியிருந்தால் நான் ஒருவேளை அவர் பக்கம் நின்றிருப்பேன்.

அடுத்த இதழில் அவர் இதைத் தொடர்வதாக இருந்தால், எந்த வரி, இப்போதைய வீதம் என்ன, e ஐ எவ்வளவாக எடுத்தார், அந்த எண்ணில் முன்னுக்கு இழுத்த வருமானமும் சாக்கு மாற்றிய வருமானமும் கழிக்கப்பட்டனவா என்ற நான்கையும் கட்டுரையிலேயே எழுதும்படி தயவுசெய்து கேளுங்கள். உங்கள் பத்திரிகையை உயர்தர மாணவர்கள் வெட்டி வைத்துப் படிக்கிறார்கள். பரீட்சைக்கு வளையியை வரையும் பிள்ளை உச்சியை 50 இல் போட்டுவிட்டு வருவதை நான் எத்தனையோ விடைத்தாள்களில் பார்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியர்,
கிளிநொச்சி.