தரவரிசை சரிந்தது 1874இல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான பிரெஞ்சு ஓவியம் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பழைய பாரிஸ் அகாடமி ஓவியங்களைப் படிப்படியாக அடுக்கி வைத்திருந்தது, உச்சியில் வரலாற்று ஓவியமும் அடியில் பழம், பூ, பாத்திரம் வரைந்த படங்களும் இருந்தன என்பதைக் கட்டுரையாளர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் 1874இல் இம்ப்ரெஷனிஸ்டுகள் தனிக் கண்காட்சி நடத்தியதும் அந்த அடுக்கு ஒரே அடியில் உடைந்தது என்று அவர் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே அது உள்ளுக்குள் ஆட்டம் கண்டுவிட்டது. எப்படி என்பதை க்ரூஸ் என்ற ஓவியருக்கு 1769இல் நடந்ததைப் பார்த்தாலே புரியும்.

அதற்கு முன் இந்த அடுக்கு எதற்காக வந்தது என்று சொல்ல வேண்டும். பாரிஸ் அகாடமி 1648இல் தொடங்கியது. அதுவரை அந்த நகரத்து ஓவியர்கள் கைவினைஞர் சங்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்தார்கள். முலாம் பூசுகிறவர், பலகைக்கு வண்ணம் தீட்டுகிறவர் எல்லோரோடும் ஒரே பட்டியலில் இருந்தார்கள். அகாடமியை நிறுவியவர்கள் அதிலிருந்து வெளியேற விரும்பினார்கள். தங்கள் வேலை கைவேலை இல்லை, கவிதையும் தத்துவமும் போல அறிவுவேலை என்று அரசரிடம் வாதிட்டார்கள். அந்த வாதத்தை ஒருவர் மனதார ஏற்றுக்கொண்டால் அடுக்கு தானாகவே வந்துவிடுகிறது. எதிரே வைத்த கிண்ணத்தைப் பார்த்து வரைய நல்ல கண்ணும் கையும் போதும் என்று அவர்கள் நினைத்தார்கள். விவிலியத்திலிருந்தோ புராணத்திலிருந்தோ ரோமாபுரி வரலாற்றிலிருந்தோ ஒரு நிகழ்ச்சியை எடுத்து, யார் எங்கே நிற்பது, யார் முகத்தில் என்ன உணர்ச்சி என்று கற்பனை செய்து வரையப் படிப்பு வேண்டும். இதைத்தான் அவர்கள் வரலாற்று ஓவியம் என்றார்கள். 1667இல் அகாடமியில் நடந்த உரைகளைத் தொகுத்த ஃபெலிபியன், தன் முன்னுரையில் இந்தப் படிகளை வரிசையாக எழுதி வைத்தார். பழமும் பூவும் சிப்பியும் வரைகிறவருக்கு மேலே நிலக்காட்சி வரைகிறவர், அவருக்கு மேலே உயிருள்ள விலங்குகளை வரைகிறவர். மனித உருவம் கடவுளின் மிக உயர்ந்த படைப்பு என்பதால் அதை வரைகிறவர் இன்னும் மேலே. அதிலும் ஒற்றை ஆளின் உருவப்படம் வரைகிறவரைவிடப் பலரைச் சேர்த்து ஒரு கதையை வரைகிறவர் மேலே. எல்லாவற்றுக்கும் உச்சியில் உருவகக் கதைகள்.

இதை வெறும் ரசனைக் கருத்தாகப் பார்த்தால் விஷயம் பிடிபடாது. இது பதவி உயர்வு விதி. அகாடமியில் உறுப்பினராகச் சேரும்போதே எந்த வகை ஓவியர் என்று பதிவேட்டில் எழுதிவிடுவார்கள். பேராசிரியர், ரெக்டர் போன்ற பதவிகள் வரலாற்று ஓவியருக்கும் சிற்பிக்கும்தான். ஷார்டான் 1728இல் விலங்குகளும் பழங்களும் வரைகிறவர் என்ற பெயரில் சேர்க்கப்பட்டார். தோலுரித்துத் தொங்கவிட்ட திருக்கை மீனை அவர் வரைந்த படம் இன்றும் லூவரில் இருக்கிறது. பின்னாளில் அகாடமியின் பொருளாளர் ஆனார், அகாடமி நடத்திய சலோன் கண்காட்சியில் யார் படம் எங்கே தொங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் வேலையும் அவரிடம் வந்தது. இருந்தும் மாணவருக்கு உருவம் வரையச் சொல்லித்தரும் பேராசிரியர் பதவி அவருக்குக் கடைசிவரை இல்லை. சம்பளத்திலும் இதே கதைதான். 1747இல் அரசரின் கட்டடத் துறைக்குப் பொறுப்பாளராக இருந்த டூர்னெம், வரலாற்று ஓவியத்துக்குக் கொடுக்கும் விலையை உயர்த்தி உருவப்படத்துக்கான விலையைக் குறைத்தார். உருவப்படத்தில் பணம் நிறையக் கிடைத்ததால் எல்லோரும் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களைத் திருப்பிக் கொண்டுவரத்தான் இந்த ஏற்பாடு. ஒரு தரவரிசையை நிற்க வைக்க அரசுக் கஜானாவைத் திறக்க வேண்டியிருந்தது என்றால், 1747இலேயே அது சொந்தக் காலில் நிற்கவில்லை என்றுதானே பொருள்?

சரி, க்ரூஸ் விஷயத்துக்கு வருகிறேன். குடும்பக் காட்சிகளை வரைந்து பாரிஸையே அழ வைத்தவர் அவர். 1761 சலோனில் ஒரு கிராமத்துப் பெண்ணின் கல்யாண நிச்சயத்தை அவர் வரைந்திருந்த படத்தின் முன்னால் கூட்டம் தாங்கவில்லை. ஆனால் 1755இலேயே அகாடமி தற்காலிகமாக ஏற்றுக்கொண்டிருந்தும், முழு உறுப்பினராக ஆவதற்குக் கொடுக்க வேண்டிய படத்தை அவர் ஆண்டுக்கணக்கில் தரவே இல்லை. பொறுமையிழந்த அகாடமி, அந்தப் படம் வரும்வரை சலோனில் இடம் கிடையாது என்று 1767இல் சொல்லிவிட்டது. க்ரூஸ் அதன்பின் எடுத்த முடிவுதான் முக்கியம். தனக்கு நன்றாக வரும் குடும்பக் காட்சி ஒன்றைக் கொடுத்திருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். அவர் வேண்டுமென்றே ரோம வரலாற்றை எடுத்தார். தன்னைக் கொல்ல முயன்ற மகன் கரகல்லாவைப் பேரரசர் செப்டிமியஸ் செவெரஸ் படுக்கையில் இருந்தபடியே கண்டிக்கும் காட்சி அது. அருகில் மேசையில் வாள் கிடக்கிறது. என்னைக் கொல்ல வேண்டுமானால் இதோ இந்த வாளை எடுத்துக்கொள் என்பதுதான் அந்தக் காட்சியின் சாரம். அதற்காகப் பழைய மார்பளவுச் சிலைகளைப் பார்த்து முகங்களைப் பயின்றார், ஓவியத்துக்கு முன் பல வரைவுகள் போட்டார். உச்சிப் படியில் ஏற வேண்டும் என்பது தெளிவாகத் தெரிகிறது.

1769 ஆகஸ்டில் அகாடமி கூடியது. எழுத்தாளரும் கலை விமர்சகருமான டிடரோ எழுதிவைத்த விவரப்படி, உறுப்பினர்கள் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது க்ரூஸ் வேறு அறையில் காத்திருந்தார். பிறகு அவரை உள்ளே அழைத்தார்கள். அகாடமி உங்களை ஏற்றுக்கொண்டது என்றார் இயக்குநர். க்ரூஸ் மகிழ்ச்சியோடு உறுதிமொழி எடுத்தார். எல்லாம் முடிந்த பிறகுதான் மற்றதைச் சொன்னார்கள்: உங்களை அன்றாட வாழ்க்கைக் காட்சி வரையும் ஓவியராகத்தான் ஏற்றிருக்கிறோம். உங்கள் பழைய படங்கள் அருமை என்பதால் அவற்றை மனதில் வைத்தோம். இந்தப் படத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டோம்.

படம் மோசமா? லூவரில் தொங்கும் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் யாரும் முழுமையாக மறுக்க மாட்டார்கள், குறைகள் உண்டு. சாம்பல் பூத்த நிறம், ஆட்கள் ஒரே வரிசையில் நிற்பது போன்ற தட்டையான அமைப்பு, மகன் முகத்தில் வில்லத்தனம் வருவதற்குப் பதிலாக வெறும் முறுக்கு. க்ரூஸை எப்போதும் தாங்கிப் பேசிய டிடரோவே இந்தப் படத்தைக் கடுமையாக விமர்சித்தார். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தந்தை மகனைக் கண்டிப்பதும், வீட்டுக்குள் ஒரு குடும்பம் உடைவதும் க்ரூஸின் எல்லாப் படங்களிலும் இருக்கிற பொருள்தான். கந்தைச் சட்டை போட்ட கிராமத்து அப்பாவுக்குப் பதிலாக ரோமச் சக்கரவர்த்தியைப் போட்டிருந்தார், அவ்வளவுதான். அதே உணர்ச்சி ஆடையை மாற்றினால் உயர்ந்ததாகிவிடும் என்றால் அடுக்கு எதை அளக்கிறது? இந்தக் கேள்வியை அகாடமி தானே கிளப்பிவிட்டது.

க்ரூஸ் சும்மா இருக்கவில்லை. தன் படத்தை நியாயப்படுத்திப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அப்புறம் சலோன் பக்கமே வரவில்லை, 1800வரை அங்கே அவர் படம் இல்லை. ஆனால் பட்டினி கிடக்கவில்லை. தன் ஸ்டுடியோவிலேயே படங்களைக் காட்டினார், வசதியான ஆட்கள் தேடி வந்து வாங்கினார்கள். அவருடைய படங்களின் செதுக்கு அச்சுகளைப் படம் வாங்க முடியாதவர்களும் வாங்கினார்கள். அகாடமியின் தரமும் சந்தையின் தரமும் இரண்டு வேறு வழிகளில் போகத் தொடங்கியதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சியை நான் அறியேன்.

புரட்சி 1793இல் அகாடமியை மூடியது. ஆனால் அடுக்கு அதோடு போய்விடவில்லை, புதிய நிறுவனங்களுக்குள் புகுந்துகொண்டது. இளம் ஓவியர்களை ரோமுக்கு அனுப்பிப் படிக்க வைக்கும் ரோமப் பரிசு நிலக்காட்சிக்கும் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது கொடுத்தார்கள், ஆனால் வரலாற்று நிலக்காட்சி என்ற பெயரில், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை. 1817இல் முதல் பரிசு பெற்றவர் மிஷலோன். போட்டியின் ஒரு கட்டத்தில் மாணவர் ஒரு மரத்தை நினைவிலிருந்து வரைய வேண்டும். கடைசிக் கட்டத்தில் அந்த மரங்களுக்கிடையே ஒரு பழங்காலக் கதைக்கும் இடம் கொடுத்தாக வேண்டும். மரத்தை மரமாக மட்டும் வரையும் மனிதருக்குப் பரிசில்லை. அந்தப் பரிசு 1863இல் அரசுக் கலைப்பள்ளியில் நடந்த சீர்திருத்தத்தில் நிறுத்தப்பட்டது.

இதற்கு நடுவில் குர்பே என்ற ஓவியர் செய்தது, என் பார்வையில், கோட்பாட்டின் மீது விழுந்த மிகக் கனமான அடி. ஓர்னான் என்ற தன் ஊரில் நடந்த சாவுச் சடங்கை மூன்று மீட்டருக்கு மேல் உயரமும் ஆறரை மீட்டருக்கு மேல் அகலமும் கொண்ட துணியில் வரைந்து 1850-51 சலோனுக்கு அனுப்பினார். அவ்வளவு பெரிய துணி அரசர்களுக்கும் புனிதர்களுக்கும் என்பது எழுதப்படாத வழக்கம். குர்பே அதில் தன் ஊர்க்காரர்களை ஆளுயரத்துக்கு நிறுத்தினார். கண்காட்சிக் கையேட்டில் படத்தின் தலைப்பிலேயே ஒரு சாவுச் சடங்கின் வரலாறு என்று பொருள்படும்படி எழுதினார். க்ரூஸ் மேலே ஏற முயன்று தோற்றார். குர்பே ஏறவே இல்லை, கீழ்ப்படிக்காரர்களை மேல்படியின் அளவுக்கு வரைந்துவிட்டார். பார்த்தவர்களின் எரிச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் அந்த அளவுதான்.

ஆக, 1874 வரும்போது விழுவதற்கு என்ன மிச்சமிருந்தது? பெரிய வரலாற்று ஓவியத்தை வாங்க அரசும் தேவாலயமும்தான் உண்டு. நகரத்து வசதியான குடும்பத்தின் கூடத்துச் சுவரில் ஆறு மீட்டர் துணியைத் தொங்கவிட முடியாது. அவர்கள் சிறிய நிலக்காட்சிகளையும் பூக்களையும் வாங்கினார்கள், டூராண்ட்-ருவேல் போன்ற வியாபாரிகள் அவற்றை விற்றார்கள். 1880-81இல் அரசே சலோனை நடத்தும் பொறுப்பைக் கைவிட்டு ஓவியர்கள் சங்கத்திடம் கொடுத்தது. பதவியும் பணமும் எங்கிருந்து வந்தனவோ அந்த ஊற்று வற்றியதும் தரவரிசைக்குப் பிடி இல்லாமல் போனது. புகைப்படம் வந்ததால்தான் இது நடந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். புகைப்படத்தால் அடிபட்டது முதலில் சிறு உருவப்படக்காரர்கள். அவர்கள் உச்சிப் படியில் இல்லையே.

கட்டுரையாளர் அடுத்த இதழில் இரண்டாம் பகுதி எழுதப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் இம்ப்ரெஷனிஸ்டுகளுக்கு முன்னால் க்ரூஸுக்கும் 1863 சீர்திருத்தத்துக்கும் ஒரு பக்கமாவது ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். முடிந்தால் செவெரஸ் படத்தையும் கிராமத்து நிச்சயதார்த்தப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள். இரண்டும் லூவரில்தான் இருக்கின்றன.

அன்புடன்,
ஒரு வாசகர்,
கும்பகோணம்