பசுமரம் மட்டும் காரணமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த 'அந்தக் காலப் பாட்டு' கட்டுரையை ரசித்துப் படித்தேன். பதின்பருவத்தின் கடைசியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் கேட்ட பாட்டும் நடந்த சம்பவமும்தான் வயதான பிறகும் முதலில் நினைவுக்கு வருகின்றன என்று கட்டுரையாளர் சொல்வது சரி. உளவியலில் இதை 'ரெமினிசென்ஸ் பம்ப்' என்பார்கள். நினைவு மேடு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் காரணம் என்று வரும்போது, 'அந்த வயதில் மூளை பசுமரம், அடித்த ஆணி இறங்கிவிடுகிறது, அப்புறம் மரம் முற்றிவிடுகிறது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கல்லூரியில் உளவியல் நடத்துகிறவள் என்பதால் அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

இந்த மேட்டை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறேன். 'மழை', 'சாவி' போன்ற சாதாரணச் சொல் ஒன்றைக் கொடுத்து, அதைக் கேட்டதும் உங்கள் வாழ்க்கையிலிருந்து எந்தச் சம்பவம் நினைவுக்கு வருகிறது என்று கேட்பார்கள். 1879இல் பிரிட்டிஷ் அறிஞர் கால்ட்டன் தன்மீதே செய்துபார்த்த சோதனை இது. 1974இல் உளவியலாளர்கள் குரோவிட்ஸும் ஷிஃப்மனும் அதைத் தூசிதட்டி எடுத்தார்கள். இப்படிச் சேர்ந்த நினைவுகளை வயதுவாரியாக அடுக்கிப் பார்த்து, 1986இல் ரூபினும் அவருடைய சகாக்களும் மேட்டைத் தெளிவாகக் காட்டினார்கள். அண்மை நினைவுகள் மிக அதிகமாக இருக்கும், பின்னோக்கிப் போகப்போகக் குறையும். இது எதிர்பார்த்ததுதான். குறைந்துகொண்டே போக வேண்டிய கோடு, 10இலிருந்து 30 வயது வரையான பகுதிக்கு வந்ததும் மறுபடி மேலே எழுகிறது. நாற்பதைத் தாண்டியவர்களிடம்தான் இது கண்ணுக்குத் தெரியும். 25 வயதுக்காரருக்கு அந்த மேடும் அண்மை நினைவும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

23 வயது வாக்கில் வந்த பாட்டுதான் அதிகம் பிடிக்கும் என்று கட்டுரையாளர் சொன்ன கணக்கு, 1989இல் ஹோல்புரூக்கும் ஷிண்ட்லரும் செய்த ஆய்விலிருந்து வந்திருக்க வேண்டும். பல பத்தாண்டுகளின் பாடல்களைப் போட்டுக்காட்டி மதிப்பெண் கேட்டார்கள். கேட்பவருக்குச் சுமார் 23.5 வயதாக இருந்தபோது வெளிவந்த பாட்டுக்குத்தான் விருப்பம் உச்சத்தில் இருந்தது. பின்னால் 2020இல் யாகுபோவ்ஸ்கியும் சகாக்களும் 'பிடிக்கிறதா' என்பதோடு நிற்காமல், 'இந்தப் பாட்டு உங்கள் வாழ்க்கை நினைவு எதையாவது கிளறுகிறதா' என்றும் கேட்டபோது, உச்சம் 14 வயது வாக்கில் வந்தது. பிடிப்பதும் நினைவைக் கிளறுவதும் ஒன்றல்ல. பள்ளி நாட்களில் எரிச்சலூட்டிய விளம்பரப் பாட்டுகூட, இன்று கேட்டால் வகுப்பறையை அப்படியே கண்முன் கொண்டுவந்து நிறுத்தும்.

இனி பசுமரத்துக்கு வருகிறேன். 1998இல் ஷ்ராஃபும் ரூபினும், ஸ்பானிய மொழி பேசும் பகுதிகளிலிருந்து அமெரிக்காவில் குடியேறி முதுமையடைந்தவர்களிடம் இதே சொல் சோதனையைச் செய்தார்கள். இளம்வயதில் குடியேறியவர்களுக்கு மேடு வழக்கமான இடத்திலேயே இருந்தது. முப்பதுகளின் நடுவில் குடியேறியவர்களுக்கோ அது நகர்ந்து, குடியேறிய காலத்துக்கு வந்துவிட்டது. சின்னக் குழுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்த ஆண்டே கான்வேயும் ஹக்கும் வங்கதேசத்து முதியவர்களிடம் வேறொன்றைப் பார்த்தார்கள். வழக்கமான மேட்டோடு, 35க்கும் 55க்கும் இடைப்பட்ட வயதில் இன்னொரு மேடு. 1971 விடுதலைப் போரில் போய் முடிந்த போராட்டக் காலம் அவர்களுக்கு அந்த வயதில்தான் வந்தது.

மூளையின் வயது மட்டுமே காரணமென்றால் மேடு இடம் மாறியிருக்கக் கூடாது, இரண்டாவது மேடும் முளைத்திருக்கக் கூடாது. எனக்குப் பொருத்தமாகப் படும் விளக்கம் இது: முதல்முறையாக நடப்பவை நெருக்கமாக வந்து, அதற்குப் பின் வாழ்க்கை ஒரே சீராக ஓடினால், அந்த நெருக்கமான காலமே தனித்து நிற்கும். முதல் வேலை, முதல் காதல், முதல்முறை வீட்டைவிட்டுத் தனியே இருப்பது எல்லாம் பெரும்பாலோருக்குப் பதினைந்துக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில் விழுகின்றன. 'நான் இப்படிப்பட்ட ஆள்' என்று நமக்கு நாமே முடிவுசெய்வதும் அப்போதுதான், அதனால் அந்த நினைவுகளைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறோம். பாட்டும் அதே கணக்கில் ஏறுகிறது. மூளையின் பங்கை நான் முழுக்க மறுக்கவில்லை. அது தனியாக இதைச் செய்வதில்லை என்கிறேன், அவ்வளவுதான்.

இந்தச் சொல் சோதனையை வாசகர்கள் வீட்டிலேயே செய்துபார்க்கலாம், இரண்டு இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். 'முக்கியமான நிகழ்ச்சி எது' என்று கேட்காதீர்கள். கேட்டால் கல்யாணம், குழந்தை பிறந்தது என்று, வாழ்க்கையில் எது எப்போது நடக்க வேண்டும் என ஊரே வைத்திருக்கும் பட்டியல்தான் பதிலாக வரும். அந்தப் பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் மகிழ்ச்சியானவை; துயரமான நினைவுகளைக் கேட்ட ஆய்வுகளில் இந்த மேடு வரவில்லை என்பதையும் இங்கே சேர்த்து யோசிக்கலாம். அடுத்தது, வயதை ஒவ்வொரு சொல்லுக்கும் உடனுக்குடன் கேட்காமல் எல்லாம் முடிந்த பிறகு கேளுங்கள். இல்லையென்றால் எதிரில் இருப்பவர் வயது வரிசையிலேயே யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

நான் 71 வயதான என் அம்மாவிடம் 24 சொல் அட்டைகளோடு உட்கார்ந்தேன். இரண்டு சொற்களுக்கு ஒன்றும் வரவில்லை. ஐந்து நினைவுகள் கடந்த இரண்டு வருடத்தவை, அவற்றை ஒதுக்கினேன். மிச்சம் 17. அதில் ஏழு, 15க்கும் 25க்கும் இடையில். சரி, பாடப்புத்தகம்போலவே வருகிறது என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் 38க்கும் 40க்கும் இடையில் மட்டும் ஐந்து. மற்ற ஐந்தும் அங்கொன்றும் இங்கொன்றும். 'சாவி' என்ற சொல்லுக்கு, அலுவலகச் சாவியை முதன்முதலாகத் தன் கையில் கொடுத்த காலையைச் சொன்னார். அம்மாவின் 38ஆம் வயதில்தான் மொழி தெரியாத இடத்துக்குக் குடிபோனோம். அவருடைய முதல் வேலையும் அங்கேதான். ஒரே ஆளிடம் 17 நினைவுகளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. என் மாணவர்கள் இதைக் கொண்டுவந்தால் நானே திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஆனாலும் சும்மா இருக்க முடியாமல், பிடித்த பாட்டு எது என்றும் கேட்டேன். அம்மா தன் இருபது வயதுப் பாட்டு இரண்டைச் சொன்னார். மூன்றாவதாகச் சொன்னது அந்தப் புது இடத்தில், அந்த மொழியில், பக்கத்து வீட்டு வானொலியில் தினமும் ஓடிய பாட்டு. எனக்கும் அது மனப்பாடம். எனக்கு அப்போது 14 வயது. மொழி பிடிபடாத கோபத்தில், அந்த வானொலி பழுதாகிவிட வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்ட கதையை அன்றுதான் அவரிடம் சொன்னேன்.

இப்படிக்கு,
உளவியல் ஆசிரியை ஒருவர்