24 என்பது நட்டின் பக்கம் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மாணவர் பகுதியில் அறுங்கோணப் பட்டகத்தின் கன அளவு பற்றி ஒரு கணக்கு வந்திருந்தது. எட்டாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி அதைப் போட்டு முடித்துவிட்டு, விடை சரியா என்று என்னிடம் காட்டினாள். பெருக்கலில் பிழை இல்லை, நீங்கள் அச்சிட்ட விடையும் அதேதான். ஆனால் முப்பத்தைந்து வருஷம் லேத்தில் நின்றவன் கண்ணுக்கு அந்த நட்டு உறுத்தியது. அப்படி ஒரு நட்டை நான் பார்த்ததில்லை.

கணக்கு இதுதான். ஒரு நட்டின் பக்கம் 24 மி.மீ., தடிமன் 13 மி.மீ., துளையை விட்டுவிட்டுக் கன அளவு என்ன? சூத்திரம் V = (3√3/2) × a² × h. இதில் a பக்கம், h தடிமன். 2.598-ஐ 24-இன் வர்க்கத்தாலும் 13-ஆலும் பெருக்கினால் 19,454 கன மி.மீ. வருகிறது.

சூத்திரம் சரி. அதில் போட்ட 24-தான் தவறு. 24-உம் 13-உம் எந்த நட்டுக்குச் சேர்ந்து வரும் என்று பட்டறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: 16 மி.மீ. போல்ட்டின் நட்டு, 24 ஸ்பேனர். ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண் அதன் வாயின் அகலம். அந்த வாய் பிடிப்பது நட்டின் எதிரெதிரான இரண்டு முகங்களை. ஆகவே 24 என்பது முகத்துக்கு முகம் உள்ள தூரம், அறுங்கோணத்தின் பக்கம் அல்ல. பக்கமே 24 என்றால் முகத்துக்கு முகம் 41.6 மி.மீ. வந்துவிடும். அது 27 மி.மீ. போல்ட்டுக்குப் போடுகிற நட்டின் அளவு. அந்த நட்டு 22 மி.மீ. தடிமன் இருக்கும், 13 இருக்காது.

இதில் குழந்தைகளைக் குறை சொல்ல முடியாது. நம் பேச்சில் ‘பக்கம்’ என்பது இரண்டு வேலை செய்கிறது. கணக்குப் புத்தகத்தில் அது ஒரு கோட்டுத்துண்டு. வீட்டில் ‘இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை அளந்து பார்’ என்றால் அது முழு அகலம். வெர்னியரைக் கையில் கொடுத்து நட்டின் பக்கத்தை அளக்கச் சொன்னால் பத்துப் பேரில் ஒன்பது பேர் இரண்டு முகங்களைத்தான் கவ்வுவார்கள். கருவியின் தாடைகளும் அங்கேதான் ஒழுங்காக உட்காரும்.

நானே இந்தப் பள்ளத்தில் விழுந்தவன்தான். வேலை கற்றுக்கொண்டிருந்த புதிதில், 16 நட்டு ஐந்நூறு கடைய எவ்வளவு இரும்பு வேண்டும் என்று பார்த்து வாங்கி வரச் சொன்னார் முதலாளி. நட்டுக்கு 13, வெட்டிப் பிரிக்கும் பார்ட்டிங் டூலுக்கு 3, ஆக ஒன்றுக்கு 16 மி.மீ. ஐந்நூறுக்கு 8 மீட்டர் 24 ஹெக்ஸ் பார், அதாவது முகத்துக்கு முகம் 24 மி.மீ. உள்ள அறுகோணக் கம்பி. அதுவரை சரி. ஐ.டி.ஐ.யில் படித்த சூத்திரத்தை வைத்து, 24-ஐப் பக்கமாகப் போட்டு, 94 கிலோ என்று சீட்டில் எழுதிக்கொண்டு இரும்புக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சீட்டைப் பார்த்தார். “எட்டு மீட்டர்னு எழுதியிருக்கே, தொண்ணூத்தி நாலு கிலோன்னும் எழுதியிருக்கே. ரெண்டுல எது வேணும் தம்பி?” என்றார். அப்புறம் மேஜை மேலேயே கணக்குப் போட்டுக் காட்டினார்: 24-ஐ 24-ஆல் பெருக்கு, 8-ஆல் பெருக்கு, 147-ஆல் வகு. 31 கிலோவும் கொஞ்சமும்.

கட்டடக் கம்பி வாங்கியவர்களுக்கு 162 தெரிந்திருக்கும். உருண்டைக் கம்பியின் விட்டத்தை வர்க்கமாக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். அறுகோணக் கம்பிக்கு அந்த 162-க்குப் பதில் 147, விட்டத்துக்குப் பதில் முகத்துக்கு முகம் அளவு. இது ஏதோ கடைக்காரர்களின் மந்திரம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். அறுங்கோணத்தின் பரப்பு 0.866 × s². இங்கே s என்பது முகத்துக்கு முகம். இரும்பின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 7.85 கிராம். இரண்டையும் பெருக்கி, ஒரு மீட்டருக்குக் கிலோவாக மாற்றினால் s² × 0.0068. 1-ஐ 0.0068-ஆல் வகுத்தால் 147. அவ்வளவுதான் மந்திரம்.

அந்த 0.866 எங்கிருந்து வருகிறது என்று பேத்தி கேட்டாள். வர்க்கமூலமில்லாமல் காட்ட ஒரு வழி இருக்கிறது. நட்டை அட்டையில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு, அதைச் சரியாக உள்ளடக்கும் ஒரு செவ்வகம் வரையுங்கள். செவ்வகத்தின் அகலம் முகத்துக்கு முகம், நீளம் மூலைக்கு மூலை. மூலைக்கு மூலை என்பது பக்கத்தைப் போல் சரியாக இரண்டு மடங்கு. இப்போது செவ்வகத்தின் நான்கு முனைகளிலும் நான்கு சிறு முக்கோணங்கள் மிஞ்சும். அவற்றை வெட்டி எடுத்து இரண்டிரண்டாக ஒட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், அரைப் பக்க நீளத்தில், செவ்வகத்தின் முழு அகலத்துக்கு ஒரு பட்டை கிடைக்கும். இரண்டு பக்க நீளத்தில் அரைப் பக்கம் போனால் மீதி ஒன்றரை. ஆகவே அறுங்கோணத்தின் பரப்பு, முகத்துக்கு முகம் அகலத்தைப் பக்கத்தால் பெருக்கி ஒன்றரை மடங்கு. 24 × 13.86 × 1.5 போட்டால் ஏறக்குறைய 499 சதுர மி.மீ. வரும். பக்கம் 13.86 என்பது 24-ஐ √3-ஆல், அதாவது 1.732-ஆல், வகுத்தது. பக்கமே தெரிய வேண்டாம் என்றால் நேராக 0.866 × 24 × 24. அதே 499.

பேத்தி கத்தரிக்கோலோடு அரை மணி நேரம் உட்கார்ந்து இதைச் செய்து பார்த்தாள். தரை முழுக்க அட்டைத் துண்டு. அவள் பாட்டி என்னைத்தான் திட்டினாள்.

சரி, உங்கள் நட்டுக்கு வருகிறேன். 498.8-ஐ 13-ஆல் பெருக்கினால் 6,485 கன மி.மீ. நீங்கள் அச்சிட்ட விடையில் சரியாக மூன்றில் ஒரு பங்கு. s-ஐ a என்று நினைத்தால் √3 மடங்கு பெரிதாகிறது, வர்க்கமாகும்போது அது 3 ஆகிவிடுகிறது. பட்டகத்தின் நீளம் எதுவானாலும் இந்த 3 மாறாது. இதே தவறின் தம்பி ஒருவனும் உண்டு: முகத்துக்கு முகம் அளவைப் பாதியாக்கி, 12-தான் பக்கம் என்று போடுவது. வட்டத்தில் விட்டத்தைப் பாதியாக்கிய பழக்கம். அப்படிச் செய்தால் சரியான விடையில் முக்கால் பங்குதான் வரும். மூன்று மடங்கு கண்ணில் பட்டுவிடும், முக்கால் பங்கு படாது. எனக்கு அதுதான் அதிகம் பயம்.

தராசை நம்புகிறவர்களுக்கு ஒரு சோதனை. துளையையும் கழிப்போம். 16 நட்டுக்கு 14 மி.மீ. துளையிட்டு மரை எடுக்கிறோம். மரையின் மேடும் பள்ளமும் ஒன்றையொன்று ஈடுசெய்கிற விட்டம் 14.7 மி.மீ. அந்த அளவில் 13 மி.மீ. நீள உருளைக்கு 2,206 கன மி.மீ. மீதி 4,279 கன மி.மீ., எடை 33.6 கிராம். வீட்டில் பழைய 16 நட்டுகள் பத்து கிடந்தன. பலசரக்குக் கடைத் தராசில் வைத்தோம், 328 கிராம். ஒன்றுக்கு 33-க்குக் கொஞ்சம் குறைவு. நட்டின் இரு முனைகளிலும் மூலைகளைச் சாய்வாகச் சீவியிருப்பார்கள், அந்தக் குறைவுக்கு அதுவே பெரும்பாலும் காரணம். உங்கள் இதழின் அளவுப்படி துளை போக ஒரு நட்டு 135 கிராம். பத்து நட்டு ஒன்றேகால் கிலோவுக்கு மேல்!

பக்கத்தையே நேராக அளந்தால் என்ன என்று கேட்கலாம். புது நட்டிலேயே மூலைகள் கூராக இருக்காது, பழசு என்றால் ஸ்பேனர் தின்று உருட்டியிருக்கும். 24 நட்டில் மூலைக்கு மூலை கணக்குப்படி 27.7 இருக்க வேண்டும். கையில் அளந்தால் 26.8 போலத்தான் வருகிறது. அதில் பாதியை, 13.4-ஐ, பக்கமாகப் போட்டால் கன அளவு ஆறேழு சதவீதம் குறைந்துவிடும். முகங்கள்தான் நம்பகமான இடம். அதனால்தான் உற்பத்தி அட்டவணையும் ஸ்பேனரும் ஹெக்ஸ் பாரும் முகத்துக்கு முகம் அளவையே பேசுகின்றன.

அந்த ஐந்நூறு நட்டின் கதையை முடித்துவிடுகிறேன். 31.3 கிலோ வாங்கினோம். நட்டாகக் கைக்கு வந்தது 16.8 கிலோ. துளையில் சுருளாகப் போனது 8.7, பார்ட்டிங் டூல் தின்றது 5.9. கிட்டத்தட்ட பாதி இரும்பு ஸ்க்ராப் தொட்டியில். பெரிய எண்ணிக்கையில் செய்பவர்கள் கடையாமல் அடித்து உருவாக்குவதற்கு இது ஒரு காரணம்.

பென்சில் பற்றி நீங்கள் கேட்டிருந்த இரண்டாவது கணக்கில் பக்கம் 4 மி.மீ., நீளம் 175 மி.மீ. என்று இருந்தது. அது உண்மையான பென்சில்தான். முகத்துக்கு முகம் 7 மி.மீ. இருக்கும் பென்சிலுக்குப் பக்கம் 4.04. கன அளவு 7.3 கன செ.மீ. வெர்னியர் இல்லாத வீட்டில் ஒரு காகிதப் பட்டையைப் பென்சிலைச் சுற்றி இறுக்கி, மேல்படியும் இடத்தில் குண்டூசியால் குத்திப் பிரித்து, இரண்டு துளைகளுக்கும் இடையே அளந்து ஆறால் வகுத்தால் பக்கம் வந்துவிடும். பேத்திக்குத் துளைகளுக்கு இடையே 24 மி.மீ.யும் ஒரு துளியும் வந்தது.

அடுத்த இதழில் திருத்தம் போடுவதானால், படத்தில் அம்புக்குறியை இரண்டு முகங்களுக்கு நடுவே மாற்றி, அதன் அருகேயும் கேள்வியில் ‘பக்கம் 24 மி.மீ.’ என்று வரும் இடத்திலும் ‘முகத்துக்கு முகம் 24 மி.மீ.’ என்று எழுதிவிடுங்கள். கேள்வியின் மற்ற சொற்களைத் தொட வேண்டியதில்லை. விடை 6,485 கன மி.மீ.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டர்னர் ஒருவர்,
கோவை.