உன் பதிலின் மூன்றாவது வாசகர்

சுங்கை சிப்புட்
25 நவம்பர்

அன்புள்ள செல்வம்,

நீ புலனத்தில் அனுப்பிய மூன்று படங்களையும் பெரிதாக்கி இரண்டு தடவை படித்தேன். முதலாவது, மேனேஜர் உனக்குக் கொடுத்த மெமோ. மற்ற இரண்டும் நீ இரவோடு இரவாக எழுதி, காலையில் கொடுத்துவிடலாமா என்று என்னிடம் கேட்டிருக்கும் பதில். கொடுக்க வேண்டாம். மெமோவில் ஏழு நாள் அவகாசம் இருக்கிறது, அதில் இரண்டு நாளையாவது எடுத்துக்கொள். உன்மேல் சுமத்தப்பட்டது நியாயமில்லை என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அதை உன் பதிலைப் படித்து நான் தெரிந்துகொள்ளவில்லை, நீ முன்பே தொலைபேசியில் சொன்னதால்தான் தெரியும். இதுதான் உன் பதிலில் உள்ள குறை.

தோட்ட ஆபீசில் கிராணியாக இருந்த காலத்தில் இப்படிப்பட்ட கடிதங்கள் எத்தனையோ என் கையால் கோப்பில் ஏறியிருக்கின்றன. எழுதியவரும் வாங்கியவரும் மாற்றலாகிப் போன பிறகு, மூன்றாவதாக ஒருவர் அந்தக் கோப்பைத் திறப்பார். அவர் புதிய மேனேஜராகவோ, தலைமை அலுவலகத்திலிருந்து வரும் அதிகாரியாகவோ, பதவி உயர்வுப் பட்டியல் தயாரிப்பவராகவோ இருக்கலாம். நவம்பரில் பெய்த மழையோ ஆளை இடம் மாற்றிய உத்தரவோ அவருக்குத் தெரியாது. மேனேஜருக்கு எல்லாம் தெரியும் என்பதால் நீ பாதியைச் சொல்லாமல் விட்டிருக்கிறாய். அந்தப் பாதிதான் மூன்றாமவருக்கு வேண்டியது. எனவே பதிலை மேனேஜரை விளித்து எழுது, அந்த மூன்றாமவருக்குப் புரிகிறதா என்று பார்த்து எழுது.

மெமோவை ஒரு தாளில் பிரித்து எழுதிப் பார்த்தேன். அதில் இருப்பவை நான்கு: வெட்டுச் சுற்று ஒரு வாரம் தாமதமானது, ஆலை 20ஆம் தேதி அதிகம் பழுத்த செம்பனைக் குலைகளைப் பற்றிப் புகார் செய்தது, ஏழாம் பிளாக்கில் உதிரிப் பழம் பொறுக்கப்படாமல் கிடந்தது, உனக்குத் தொழிலாளர்கள்மேல் கட்டுப்பாடும் இல்லை நிலவரத்தையும் நீ மறைத்தாய் என்பது. முதல் மூன்றும் நடந்தவை, அவற்றுக்குத் தேதியும் சான்றும் உண்டு. நான்காவது, அவற்றைப் பார்த்து அவர் செய்துகொண்ட முடிவு. உன் பதில் இரண்டு பக்கமும் நான்காவதையே பற்றிக்கொண்டு போராடுகிறது. ‘இருபது வருடம் உழைத்தவனைப் பார்த்து’ என்று தொடங்கி, ‘வேண்டுமென்றே’, ‘பழிவாங்கும் நோக்கில்’ என்றெல்லாம் போகிறது. அவருடைய மனத்தில் என்ன இருந்தது என்பதற்கு உன்னிடம் சான்று ஏது? முதல் மூன்றையும் சரியாக விளக்கிவிட்டால் நான்காவது தானாகவே விழுந்துவிடும்.

இனி கணக்குக்கு வருகிறேன், ஏனெனில் உன் நியாயம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. உன் டிவிஷன் 240 ஹெக்டர். வெட்டுக்காரர்கள் பத்துப் பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு ஹெக்டர் என்றால் நாளொன்றுக்கு 20 ஹெக்டர், பன்னிரண்டு வேலை நாளில் ஒரு சுற்று முடியும். 3ஆம் தேதி தொடங்கியது 15ஆம் தேதி முடிந்திருக்க வேண்டும். ஆனால் 5ஆம் தேதி முதல் 14ஆம் தேதி வரை, ஒன்பது வேலை நாள், நான்கு பேரை இரண்டாம் டிவிஷனுக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. மீதி ஆறு பேர் அந்த ஒன்பது நாளில் வெட்டியது 108 ஹெக்டர். முதல் இரண்டு நாளில் முடித்த 40ஐச் சேர்த்தால் 148. மிஞ்சியிருந்த 92 ஹெக்டரைப் பத்துப் பேரும் திரும்பக் கூடி வெட்ட ஐந்து வேலை நாள் ஆயிற்று. இடையில் 18, 19 தேதிகளில் மழையால் வேலை நிறுத்தம். 22ஆம் தேதி சுற்று முடிந்தது. மேனேஜர் சொல்லும் ஒரு வாரத் தாமதம் உண்மைதான், அதன் ஒவ்வொரு நாளுக்கும் பெரட்டுப் புத்தகத்திலும் செக்ரோலிலும் பதில் இருக்கிறது. இதில் ஒரு வரிகூட உன் கடிதத்தில் இல்லையே!

தாமதத்திலிருந்து ஆலையின் புகாருக்கு ஒரே அடிதான். குலையில் பத்துப் பழமாவது தானாக உதிர்ந்திருந்தால் அது பழுத்த குலை என்பது தரம் பார்க்கிறவர்களின் கணக்கு. வெட்டாமல் மரத்திலேயே விட்டால் உதிர்வது கூடிக்கொண்டே போகும். அதிகம் பழுத்து அடிபட்ட பழத்தில் கொழுப்பு அமிலம் ஏறும். கச்சா செம்பனை எண்ணெயில் அது 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது வியாபாரத்தின் வழக்கமான நிபந்தனை, ஆகவே ஆலை முணுமுணுத்ததில் தவறில்லை. ஆலையின் புகாரை மறுக்காதே. அந்தக் குலைகள் எந்தப் பிளாக்கிலிருந்து போயின என்பதை எடைச்சீட்டைப் பார்த்துச் சொல், அது போதும். கடைசியில் வெட்டிய பிளாக்குகளிலிருந்தே போயிருந்தால், காரணத்தை நீ தனியாக விளக்கக்கூட வேண்டியதில்லை.

உத்தரவு போட்டவர் மேனேஜரே என்பதுதான் உன்னைக் கொதிக்க வைத்திருக்கிறது, அது எனக்குப் புரிகிறது. நீ எழுதியிருப்பது: ‘தாங்களே ஆளைப் பிடுங்கிக்கொண்டு இப்போது என்னைக் குற்றம் சொல்வது எந்த ஊர் நியாயம்?’ இதை நேரில் சொன்னால் அவருக்குச் சுரணை வரலாம், எழுத்தில் வந்தால் அவர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார். அதற்குப் பதிலாக, ‘5ஆம் தேதி காலை பெரட்டில் கிடைத்த உத்தரவின்படி நான்கு வெட்டுக்காரர்கள் இரண்டாம் டிவிஷனுக்கு அனுப்பப்பட்டனர், அவர்கள் 15ஆம் தேதி திரும்பினர், பெரட்டுப் புத்தகத்தின் அந்தப் பக்கங்களின் நகல் இணைப்பில் உள்ளது’ என்று எழுது. உத்தரவு யாருடையது என்று நீ கூவவும் இல்லை, மறைக்கவும் இல்லை. இரண்டாம் டிவிஷனில் அப்போது ஆள் பற்றாக்குறை இருந்ததும் உண்மை. பங்களாதேஷ் தொழிலாளர்கள் ஐந்து பேர் ஒப்பந்தம் முடிந்து ஊர் போய்விட்டார்கள் என்று நீயே சொன்னாயே. அதையும் அரை வரியில் சேர். உத்தரவு காரணமில்லாமல் போடப்பட்டதல்ல என்று நீயே எழுதிவிட்டால், அதைக் காப்பாற்றிக்கொள்ள அவர் உன்னைத் தாக்க வேண்டிய அவசியம் குறையும்.

ஏழாம் பிளாக் விஷயத்தில் மட்டும் உன்னோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. ‘அது பொய்’ என்று எழுதியிருக்கிறாய். ஆனால் மழை நாள் இரண்டிலும் பொறுக்கும் பெண்கள் வரவில்லை, பழம் மரத்தடி வட்டத்தில் கிடந்தது என்று நீதான் என்னிடம் சொன்னாய். அப்படியானால் பொய் இல்லை. ‘18, 19 தேதிகளில் ஏழாம் பிளாக்கில் உதிரிப் பழம் கிடந்தது சரியே, 22ஆம் தேதிக்குள் பொறுக்கி முடிக்கப்பட்டது’ என்று எழுது. அதேபோல் சுற்று பின்தங்குவதை நீ 10ஆம் தேதி வாய்மொழியாகத்தான் சொன்னாய், எழுத்தில் கொடுக்கவில்லை. ‘மறைத்தாய்’ என்ற சொல்லுக்கு இடம் கொடுத்தது அந்த இடைவெளிதான். ‘10ஆம் தேதி ஆபீசில் வாய்மொழியாகத் தெரிவித்தேன், எழுத்தில் தரவில்லை, இனி மூன்று நாளுக்கு மேல் சுற்று பின்தங்கினால் அன்றே எழுத்தில் தருகிறேன்’ என்று சொல்லி நிறுத்திவிடு. மன்னிப்புக் கேட்டு நீட்டாதே. தேவைக்கு மேல் குனிந்தால், மற்ற மூன்றையும் நீ ஒப்புக்கொண்டதாகவே கோப்பைத் திறப்பவர் எடுத்துக்கொள்வார்.

கட்டுப்பாடு இல்லை என்ற குற்றச்சாட்டுக்கு ஒரே வாக்கியம் போதும்: ‘மேற்கண்ட விவரங்களைக் கருத்தில்கொண்டு, மெமோவின் நான்காம் பத்தியை மறுபரிசீலனை செய்யுமாறும், இப்பதிலை மெமோவுடன் சேர்த்துக் கோப்பில் வைக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.’ இதன் பின்பகுதியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதே. மெமோ தனியாகக் கோப்பில் கிடந்தால், ஐந்து வருடம் கழித்தும் அது மட்டும்தான் பேசும்.

மொத்தம் ஒரு பக்கம், அதற்கு மேல் வேண்டாம். தலைமை அலுவலகத்துக்கு நகல் அனுப்பப் போவதாகக் கீழே குறித்திருக்கிறாய். இப்போதைக்கு அதை எடுத்துவிடு, அனுப்பிய பிறகு திரும்பப் பெற முடியாது. கொடுக்கும்போது இரண்டு பிரதி எடுத்துப் போ. ஒன்றில் பெற்றுக்கொண்ட தேதியும் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வீட்டில் வை. கம்பெனி வழக்கப்படி ஆங்கிலத்தில்தான் கொடுப்பாய், ஆனால் நம் பையன்களிடம் கொடுத்துப் பெரிய பெரிய வார்த்தையாக மாற்றிவிடச் சொல்லாதே. போன தடவை லீவு விண்ணப்பத்தையே அவர்கள் நீதிமன்ற மனுவாக்கிவிட்டார்கள்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடும். உனக்கு வந்திருப்பது விளக்கம் கேட்கும் மெமோ. ‘உங்கள்மேல் ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது’ என்று காரணம் கேட்கும் கடிதமாக அடுத்தது வந்தால், நான் இங்கே சொல்லும் யோசனைகளை நம்பி நீயாக எழுதிக் கொடுத்துவிடாதே. அந்தப் பதில் விசாரணையில் சான்றாக வைக்கப்படும், எனவே முதலில் சங்கத்தில் காட்டு. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, தவறான நடத்தை என்று சொல்லி வேலைநீக்கமோ பதவி இறக்கமோ செய்வதற்கு முன் முறையான விசாரணை நடத்த வேண்டும். விசாரணைக்காகத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தாலும் அது இரண்டு வாரத்துக்கு மேல் போகக் கூடாது, அந்த நாள்களுக்குப் பாதிச் சம்பளமாவது தர வேண்டும். உன் விஷயம் அந்த அளவுக்குப் போகும் என்று நான் நினைக்கவில்லை. மெமோவின் கடைசி வரியில் ‘விளக்கம் தேவை’ என்றுதான் இருக்கிறது, நடவடிக்கை என்ற பேச்சே இல்லை.

பதிலைக் கொடுத்த பிறகு அவர் உன்னை அறைக்குக் கூப்பிட்டு, ‘எதற்கு இதெல்லாம் எழுத்தில், விட்டுவிடு’ என்று சொல்லக்கூடும். சொன்னால் மரியாதையாகக் கேட்டுக்கொள், ஆனால் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளாதே. ‘சார், நீங்கள் விளக்கம் கேட்டிருந்தீர்கள், அதனால் கொடுத்தேன்’ என்பதே போதுமான பதில். அவர் நல்ல மனிதர்தான் என்று நீயே பல தடவை சொல்லியிருக்கிறாய். மேலிடத்திலிருந்து அவருக்கும் ஆலைப் புகாரைப் பற்றி ஒரு கடிதம் வந்திருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. அப்படியென்றால் நீ கொடுக்கும் இந்தக் கணக்கு அவருக்கே பயன்படும், அதை அப்படியே மேலே அனுப்பிவிடுவார்.

பெரட்டுப் புத்தகத்தின் 5ஆம் தேதிப் பக்கத்தையும் 20ஆம் தேதி எடைச்சீட்டையும் இன்று இரவு படம் எடுத்து அனுப்பு. அதில் பெயர்களும் எண்களும் நான் மேலே எழுதியதோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துவிட்டு, நாளை மாலைக்குள் பதிலை ஒழுங்குபடுத்தித் தருகிறேன். மாலதியிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
முருகையா