வங்கிப் புத்தகத்தின் தொகுப்பு வரிக்குக் காலம் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் உள்ள ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கைப் பார்த்துக் கொடுக்கிறவன் நான். இம்முறை அந்தச் சங்கத்தில் வீணாக ஒரு சந்தேகம் கிளம்பி, பொருளாளர் அக்கா கூட்டத்தில் அழும் அளவுக்குப் போய்விட்டது. காரணம் வங்கிப் புத்தகத்தில் அச்சான இரண்டு வரிகள்.

புத்தகத்தைக் கடைசியாக டிசம்பர் 28இல் அச்சிட்டிருந்தார்கள். மீதி 184,250 ரூபாய். பிறகு ஏப்ரல் 22இல் கிளைக்குக் கொண்டுபோனபோது, இடையில் நடந்தவை ஒவ்வொன்றாக வரவில்லை. வைப்புகள் 98,120 என்று ஒரு வரி, எடுத்தவை 61,332 என்று இன்னொரு வரி, கடைசி மீதி 221,038. இரண்டு வரிக்கும் திகதி ஏப்ரல் 22. கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "22ஆம் திகதி அறுபத்தோராயிரத்தை எடுத்தது ஆர்?" என்று கேட்டுவிட்டார். அன்று ஒரு சதமும் எடுக்கப்படவில்லை. புத்தகத்தை அச்சிடத்தான் அக்கா போனார்.

பல வங்கிகளில் வழக்கம் இதுதான். நீண்ட நாள் புத்தகம் போகாவிட்டால், அச்சாகாத பதிவுகள் கணினியில் சேர்ந்துகொண்டே இருக்கும். அவை ஓர் அளவைத் தாண்டியதும், பக்கம் பக்கமாக அடிக்காமல் கூட்டி இப்படி வரியாக்கிவிடுவார்கள். அந்த வரியில் விழுவது அச்சிட்ட நாளின் திகதி, பணம் நகர்ந்த நாள் அல்ல. இணையத்தில் எடுக்கும் வங்கிக் கூற்றிலோ ஒவ்வொன்றும் அதனதன் திகதியில் நிற்கும்.

அக்காவின் கைத்தொலைபேசியில் பார்ப்பதற்கு மட்டும் இணைய வசதி இருக்கிறது. அதில் ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை கூற்று எடுத்தோம். வைப்பு 82,680, எடுத்தது 52,788, மார்ச் 31 மீதி 214,538. புத்தகத்து மீதியை விட 6,500 குறைவு. தொடக்க மீதிகூட ஒத்துவரவில்லை. கூற்றில் அது 184,646. புத்தகத்தில் கண்டதைவிட 396 ரூபாய் கூட.

அந்த 396 எங்கிருந்து வந்தது? டிசம்பர் 31இல் 440 ரூபாய் வட்டி வரவாகி, அதில் 10 சதவீத வரி 44 ரூபாய் பிடிக்கப்பட்டிருக்கிறது. புத்தகம் அச்சானது 28ஆம் திகதி, எனவே அது ஏப்ரலில் வந்த தொகுப்பு வரிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. அப்புறம் ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி அங்கத்தவர்கள் செலுத்திய 15,000 வைப்பும், சங்கம் எடுத்த 8,500உம் உண்டு. இரண்டும் மார்ச் 31க்குப் பிந்தியவை. வைப்பில் கூடுதலாக நின்ற 15,440 என்பது இந்த 15,000உம் வட்டி 440உம். எடுத்ததில் கூடுதலாக நின்ற 8,544 என்பது 8,500உம் வரி 44உம். சரி, கணக்குச் சதத்துக்குச் சதம் பொருந்திவிட்டது. ஆனால் அதற்குள் ஒரு நல்ல மனிசியின் பெயர் தெருவில் பேசப்பட்டுவிட்டதே.

இப்படி வந்தால் மற்றச் சங்கங்கள் முதலில் செய்ய வேண்டியது, கூற்றின் காலத்தைப் புத்தகத்தோடு பொருத்துவது. புத்தகத்தில் கடைசியாக விபரமாக அச்சான பதிவுக்கு அடுத்ததிலிருந்து, மறுபடி அச்சிட்ட நாள் வரை கூற்று எடுங்கள். வைப்புக் கூட்டுத்தொகை, எடுத்ததன் கூட்டுத்தொகை, மீதி மூன்றும் ஒத்துவந்தால் பணத்தில் குறையில்லை. சனிக்கிழமை இயந்திரத்தில் போட்ட காசு திங்கட்கிழமைத் திகதியில் விழுவது போன்ற ஒன்றிரண்டு நாள் வித்தியாசங்களுக்கும் பயப்பட வேண்டாம். மூன்றில் ஒன்று ஒத்துவராவிட்டால்தான் கவனம் தேவை. முக்கியமாக, கிளையில் அச்சு இயந்திரம் பழுதான நாளில் கையால் எழுதி ஒப்பமிட்ட வரி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தொகை கூற்றில் இல்லையென்றால் வைப்புத் துண்டோடு அன்றே கிளைக்குப் போங்கள். எழுத்தில் முறையிட்டும் கிளை தீர்க்காவிட்டால், மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

வங்கிகளிடம் கேட்பது ஒன்றுதான். தொகுப்பு வரி அச்சாகும்போது அது எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரைக்கானது, எத்தனை பதிவுகள் அடங்கியது என்று பக்கத்தில் அச்சிடுங்கள். அதற்கு இடமில்லையென்றால், சங்கக் கணக்குகளுக்காவது அந்தக் காலத்து விபரக் கூற்றை முத்திரையிட்டு, கட்டணமில்லாமல், புத்தகத்தோடு சேர்த்தே கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
சங்கக் கணக்குப் பரிசோதகர் ஒருவர்,
களுவாஞ்சிக்குடி.